பேஸ்ட் பெட்டிக்குள் ஒரு நிறமாலை

எங்கள் பள்ளியின் பொருள் அறையில் பழைய சிடிக்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எடைக்குப் போட எடுத்து வைத்தபோது, ஒரு மாணவி ஒன்றைத் தூக்கி வெயிலில் ஆட்டிச் சுவரில் வானவில் அடித்துக் காட்டினாள். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒளி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது மூலை உடைந்த ஒரே ஒரு முப்பட்டகம். 36 பிள்ளைகள் அதைக் கைமாற்றிப் பார்த்து முடிக்கவே ஒரு பீரியடு போய்விடும். அந்தச் சிடிக்களை எடைக்குப் போடவில்லை. அவற்றில் ஐந்தை வைத்து ஆளுக்கொரு நிறமாலைகாட்டி செய்தோம். காசு கொடுத்து வாங்கியது கருப்பு சார்ட் பேப்பரும் செல்லோ டேப்பும் மட்டும். எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம், அதில் என்ன பார்த்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பளபளப்பான முகத்தில் தகவல்கள் ஒரே சுருள் தடமாக, உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 625 தடங்கள்; ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நாற்பது. ஒளியின் அலைநீளம் ஊதாவில் சுமார் 400 நானோமீட்டர், சிவப்பில் சுமார் 700 நானோமீட்டர். ஆக, தடங்களின் இடைவெளி ஒளி அலையைப் போல இரண்டு முதல் நான்கு மடங்குதான். ஆய்வகங்களில் விலை கொடுத்து வாங்கும் கீற்றணி என்ற கருவி செய்யும் வேலையை இந்தக் கழிவுத் தட்டு செய்வதற்கு அதுவே காரணம்.

அடுத்தடுத்த தடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் கண்ணுக்கு வந்து சேர வெவ்வேறு தூரம் பயணம் செய்கின்றன. அந்த வேறுபாடு சரியாக ஓர் அலைநீளமாக அமையும் திசையில் எல்லா அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். நீல அலை சிறியது, சிவப்பு அலை பெரியது. அதனால் நீலம் வலுப்படும் திசை வேறு, சிவப்பு வலுப்படும் திசை வேறு. வெள்ளையாக வந்த ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

இனிச் செய்முறை. பெரிய பேஸ்ட் பெட்டி ஒன்று வேண்டும். நாங்கள் எடுத்தவை சுமார் 20 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவை. முழுச் சிடி 12 சென்டிமீட்டர் விட்டம் உடையது, பெட்டிக்குள் போகாது. அதை வடையைப் பிட்டுப் பங்கு வைப்பதுபோல எட்டுத் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டின் வெளி விளிம்பும் ஏறக்குறைய 4.6 சென்டிமீட்டர் அகலம் வரும், பெட்டிக்குள் அளவாக உட்காரும். நடுவில் உள்ள கூர்முனையில் தடங்கள் கிடையாது, அதை நறுக்கிவிடலாம். ஒரு சிடிக்கு எட்டுப் பிள்ளைகள் என்ற கணக்கு இப்படி வந்தது.

வெட்டுவதை மட்டும் நானே செய்தேன். அப்படியே கத்தரி வைத்தால் சிடி சிலும்பு சிலும்பாகத் தெறிக்கும், வெள்ளிப் பூச்சும் உரிந்து வரும். நல்ல சூடான தண்ணீரில் சில நிமிடம் போட்டு வைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பெரிய கத்தரியால் வெட்டினால் ஓரளவு ஒழுங்காக வரும். பூச்சு இருப்பது எழுத்து அச்சிட்ட பக்கத்தின் அடியில்தான். அந்தப் பக்கத்தைக் கீறினால் துண்டு வீணாகிவிடும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

அடுத்து, சிடித் துண்டைப் பெட்டித் தரையிலிருந்து 60 பாகையில் சாய்த்து நிறுத்த வேண்டும். பாகைமானி தேவையில்லை. 12 சென்டிமீட்டர் நீளமான அட்டைப் பட்டையை நான்கு நான்கு சென்டிமீட்டராக மூன்று மடிப்பு மடித்து முனைகளை ஒட்டினால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் கோணம் தானாகவே 60 பாகைதான். ஒரு முகத்தில் சிடித் துண்டை, எழுத்தில்லாத பக்கம் வெளியே தெரிய, வளைந்த வெளி விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி ஒட்டுகிறோம். இந்த முக்கோணத்தைப் பெட்டியின் ஒரு கோடியில், சிடி முகம் எதிர்க்கோடியைப் பார்க்கும்படி வைக்கிறோம். சிடிக்கு நேர் மேலே, பெட்டியின் கூரையில் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத்தில் பார்க்கும் துளை வெட்டுகிறோம். பெட்டியின் உட்புறம் முழுக்கக் கருப்பு சார்ட்டை ஒட்டுகிறோம். இல்லாவிட்டால் உள்ளே சிதறும் ஒளி நிறங்களைக் கழுவிவிடும்.

கடைசியாகப் பிளவு. கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. எதிர்க்கோடி மூடியில், தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில், கிடைமட்டமாக ஒரு சன்னல் வெட்டுகிறோம். பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து நேர் விளிம்புள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, அந்தச் சன்னலின் மேலும் கீழும் விளிம்போடு விளிம்பு நோக்கி ஒட்டுகிறோம். இடையில் எவ்வளவு சந்து விடுவது? மூன்றாக மடித்த வெள்ளைத் தாளை இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே செருகி, இறுக்கமாக ஒட்டியபின் தாளை உருவிவிட்டோம். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்; ஆகவே பிளவு 0.3 மில்லிமீட்டர்.

இந்த 60 பாகை எங்கிருந்து வந்தது என்று கேட்ட மாணவனுக்காக ஒரு கணக்குப் போட்டோம். பிளவிலிருந்து கிடைமட்டமாக வரும் ஒளி சிடியில் 30 பாகைப் படுகோணத்தில் விழுகிறது. நேர் மேலே இருக்கும் நம் கண்ணுக்கு வரும் ஒளி சிடியை விட்டு 60 பாகையில் கிளம்புகிறது. சைன் 60 என்பது 0.866, சைன் 30 என்பது 0.5. வேறுபாடு 0.366. அதைத் தட இடைவெளியான 1600 நானோமீட்டரால் பெருக்கினால் 586 நானோமீட்டர். அது மஞ்சள். அதாவது, நேர் கீழே பார்த்தால் மஞ்சள் நடுவில் இருக்கும், நீலமும் பச்சையும் ஒரு பக்கம், சிவப்பு பிளவை நோக்கிய மறுபக்கம். அட்டையை மடித்த மடிப்பு நிறமாலையைக் கண்ணுக்கு நடுவே கொண்டு வந்து வைக்கிறது.

முதல் நாள் எல்லாப் பெட்டியும் வேலை செய்யவில்லை. ஒருத்தி, "டீச்சர், வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியுது" என்றாள். அவள் பார்த்தது கண்ணாடியில் தெரிவதுபோல சிடி நேரடியாகத் திருப்பி அனுப்பிய பிளவின் பிம்பம். அது நிறமாலைக்குப் பின்னால், பெட்டியின் கடைக்கோடிப் பக்கம் நிற்கும். பார்வையைப் பிளவின் பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் நீலத்தில் தொடங்கி நிறங்கள் வரிசையாக வந்துவிட்டன. இன்னொரு பெட்டியில் நிறப்பட்டை கோணலாக, மங்கலாகத் தெரிந்தது. அதில் பிளவும் சிடியின் தடங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. துண்டை எடுத்து நேராக ஒட்டியதும் சரியானது.

ஒரே ஒரு பெட்டி மட்டும் எதுவுமே காட்டவில்லை. அதைச் செய்த மாணவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டைத்தான் வெட்டித் தரச் சொல்லியிருந்தான். அவன் முகம் வாடிப்போயிருந்தது. மிச்சம் இருந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தால் அது சிடி அல்ல, டிவிடி. டிவிடியில் அதிகத் தகவலை அடைக்க வேண்டும் என்பதற்காகத் தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறுக்கப்பட்டிருக்கிறது. அதே கணக்கை அவனையே போட வைத்தேன். 0.366 பெருக்கல் 740 என்றால் 271 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. சிவப்பு வேண்டாம், ஊதா நிறம் தெரியவே ஒளி கிளம்பும் கோணத்தின் சைன் மதிப்பு ஒன்றைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு கோணமே கிடையாது. "அப்ப என் பெட்டி தப்பில்ல டீச்சர், கணக்குப்படிதான் இருட்டா இருக்கு" என்று அவன் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. கண்ணால் பார்க்க முடியாத தடங்களின் இடைவெளியை அவன் இருட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டான்.

எனக்கும் ஒரு குழப்பம் வந்தது. பிள்ளைகள் கோடு கோடாகத் தெரிகிறது என்கிறார்கள். எனக்கோ எல்லாம் மழுங்கலாகத் தெரிந்தது. காரணம் கருவியில் இல்லை. இப்படிச் சாய்ந்த சிடியில் பிளவின் பிம்பம் கண்ணிலிருந்து பத்து சென்டிமீட்டர் அளவிலேயே உருவாகிறது. பதினான்கு வயதுக் கண்ணால் அவ்வளவு அருகில் குவித்துப் பார்க்க முடியும். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணால் முடியாது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துளையின் மேல் சிறு ஓட்டையுள்ள அட்டையை வைத்துப் பார்த்ததும் எனக்கும் கோடுகள் பிரிந்தன. இதைச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் முதலில் பிள்ளைகளின் கண்ணை நம்புங்கள்.

இனிப் பார்த்தவற்றுக்கு வருகிறேன். வகுப்பறையைச் சாத்தி, மூன்று விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். மூன்றும் வெள்ளை வெளிச்சம் தருபவை என்றுதான் பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள்.

முதலாவது பழைய குண்டு பல்பு. சிவப்பிலிருந்து ஊதா வரை எங்கும் அறுபடாத பட்டை. சூடேறிய டங்ஸ்டன் இழை எல்லா அலைநீளங்களிலும் ஒளி வீசுகிறது என்பதால் அதில் இடைவெளியே இல்லை.

இரண்டாவது சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்கு. அதைப் போட்டதும் அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பட்டை காணாமல் போயிருந்தது. கருப்புப் பின்னணியில் நீலக் கோடு ஒன்று, பளிச்சென்று பச்சைக் கோடு ஒன்று, ஆரஞ்சு கலந்த சிவப்புக் கோடு ஒன்று, நடுநடுவே மங்கலாகச் சில. "டீச்சர், இந்த வெள்ளையில மஞ்சளே சரியா இல்ல!" என்றான் ஒருவன். உண்மைதான். விளக்கினுள் இருக்கும் பாதரச ஆவி தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளி விடுகிறது. நீலக் கோடு 436 நானோமீட்டரிலும் பச்சை 546 நானோமீட்டரிலும் உள்ள பாதரசத்தின் கையெழுத்துகள். சிவப்புக் கோடு, 611 நானோமீட்டரில், கண்ணாடியின் உட்பூச்சில் கலந்திருக்கும் யூரோப்பியம் என்ற தனிமத்திலிருந்து வருகிறது. பச்சைக்கு அந்தப் பூச்சில் உள்ள டெர்பியமும் துணை சேர்க்கிறது. மூன்று நான்கு நிறங்கள் சேர்ந்து கண்ணை வெள்ளை என்று நம்ப வைக்கின்றன.

மூன்றாவது எல்.இ.டி. பல்பு. இதில் கோடுகள் இல்லை, பட்டைதான். ஆனால் நீலம் மட்டும் தனியாகத் தடித்து நிற்கிறது, அதையடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான மேடு. உள்ளே இருக்கும் சில்லு தருவது நீல ஒளி மட்டுமே. அதன் மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி அகலமான மஞ்சள் ஒளியாக மாற்றுகிறது. மறுநாள் காலை ஒரு மாணவி ஓடி வந்து, "எங்க வீட்டுல இருக்கிறது டியூப் லைட்டுன்னு அப்பா சொன்னாரு, ஆனா அது எல்.இ.டி. டீச்சர், கோடே இல்ல" என்றாள். அப்பா ஏணி போட்டு ஏறிப் பார்த்து, அவள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். அதன் சுடரில் பெட்டிக்கு அதிகம் தெரியாது. இரும்புக் கம்பியை உப்புத் தண்ணீரில் முக்கிச் சுடரில் காட்டியதும் சுடர் மஞ்சளானது. பெட்டிக்குள் நட்டநடுவே ஒரே ஒரு மஞ்சள் கோடு. கணக்கில் 586 வந்த இடத்துக்குப் பக்கத்தில், 589 நானோமீட்டரில் நிற்கும் சோடியத்தின் கோடு அது. கம்பியை எடுத்தால் மறைகிறது, காட்டினால் வருகிறது. உண்மையில் அது 0.6 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கோடுகள். 0.3 மில்லிமீட்டர் பிளவு வைத்த எங்கள் பெட்டி இரண்டு நானோமீட்டருக்கும் நெருக்கமானவற்றைப் பிரிக்காது. அதனால் ஒன்றாகத் தெரிந்தது. தன் கருவியின் எல்லை எது என்பதையும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இன்னும் ஒரு மஞ்சள் சோடியம் விளக்கு எரிகிறது. அதிலும் அதே மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்த்துப் போன நான்கு பேர் மறுநாள் குழம்பி வந்தார்கள். பல நிறங்கள் இருந்தன. ஆனால் உப்பின் கோடு வர வேண்டிய அதே இடத்தில் ஒரு கருப்புக் கீற்று, அதற்கு இரு பக்கமும் மஞ்சள். அவர்கள் பார்த்தது சரி. அந்த விளக்கின் நடுவே சோடியம் ஆவி மிகுந்த அழுத்தத்தில், மிகுந்த சூட்டில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒளி அகலப் பட்டையாகப் பரவுகிறது. சுற்றி ஓரத்தில் இருக்கும் சற்றுக் குளிர்ந்த சோடியம், தான் எந்த அலைநீளத்தில் ஒளி விடுமோ அதே அலைநீளத்தை வருகிற ஒளியிலிருந்து விழுங்கிவிடுகிறது. சூடான ஆவி ஒளிக்கோடு வரைகிறது. குளிர்ந்த ஆவி அதே இடத்தில் இருட்டுக்கோடு வரைகிறது.

இந்த ஒற்றை உண்மையைக் கொண்டுதான் மனிதர் சூரியனைப் படித்தனர். 1814-இல் ஃப்ரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருட்டுக்கோடுகளைக் குறித்து வைத்தார். அவை தனிமங்களின் கையெழுத்துகள் என்பதைக் கிர்க்காஃபும் புன்சனும் 1859, 1860 ஆண்டுகளில் விளக்கினார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்து ஆந்திரக் கடற்கரை வழியாகச் சென்றது. குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலைகாட்டிகளோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீச்சுவாலைகளின் ஒளியில் சோடியத்துக்கு மிக அருகே, ஆனால் அதோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனில் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைக் கண்டு, அது பூமியில் அறியப்படாத தனிமம் என்றார். அதுதான் ஹீலியம். 1895-இல் ராம்சே பூமியிலேயே அதைப் பிரித்தெடுத்தார். அதன் கோடு 587.6 நானோமீட்டரில் இருக்கிறது. சோடியத்திலிருந்து இரண்டு நானோமீட்டர்கூட இல்லை. எங்கள் பேஸ்ட் பெட்டி அந்த இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் பிள்ளைகள்தான்.

சூரியனின் இருட்டுக்கோடுகளை நாங்களும் தேடினோம். சூரியனை நோக்கிப் பெட்டியை ஒருபோதும் திருப்பக்கூடாது என்பது முதல் விதி, கண் போய்விடும். வெயில் பட்டு ஒளிரும் வெண்மேகமோ வெள்ளைச் சுவரோ போதும். இதற்கு மூன்று தாள் பிளவு அகலமானது. ஒரே தாள் தடிமனுக்குக் குறைத்துப் புதிய பிளவு ஒட்டினோம். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் சிலருக்குத் தெரிந்தன. ஒருவன் நிறைய இருட்டுக்கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னான். வாங்கிப் பார்த்தால், அவை நீலத்திலிருந்து சிவப்பு வரை நீளவாக்கில் ஓடின. அவை பிளவில் ஒட்டிய தூசியின் நிழல். சூரியனின் கோடு எப்போதும் பிளவுக்கு இணையாக, குறுக்கே நிற்கும். அதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம். தூசியை ஊதித் தள்ளிவிட்டு அவன் மறுபடி பார்த்தான். இம்முறை ஒரே ஒரு கோட்டைத்தான் பார்த்தான். ஆனால் அது சூரியனுடையது. "மேகத்துல சூரியன் கையெழுத்துப் போட்டிருக்கு டீச்சர்" என்று அவன் சொன்னதை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், பழைய கல்யாண வீடியோவாகவோ பாட்டுத் தொகுப்பாகவோ, யாரும் போட்டுப் பார்க்காத சிடிக்கள் கிடக்கும். குப்பையில் போடாதீர்கள். டிவிடியைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, சிடிக்களை அருகில் உள்ள பள்ளிக்கூடத்தின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு சிடியில் எட்டுக் குழந்தைகள் நிறமாலை பார்க்கலாம்.